இரு மடங்கானது எது?
மண் நுண்ணுயிர் எண்களைப் படிக்கும் முறை

மண்ணியல் ஆய்வுக் கட்டுரைகளில் ‘முடிவுகள்’ என்றொரு பகுதி உண்டு. செய்த சோதனையில் என்ன கிடைத்தது என்பதை அங்கே எண்களாகத் தருவார்கள். அந்தப் பகுதியில் பின்வருமாறு ஒரு வாக்கியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

“அம்மோனியம் சல்ஃபேட் உரமிட்ட மண்ணில் அசிடோபாக்டீரியாவின் பங்கு 20 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தது.”

இதைப் படித்தவுடன் உங்களுக்கு என்ன தோன்றுகிறது? “உரம் போட்டதால் அந்தப் பாக்டீரியா இரண்டு மடங்காகப் பெருகிவிட்டது” என்றுதானே? பெரும்பாலோர் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் வாக்கியத்தில் அப்படி ஒரு செய்தியே இல்லை. அந்தப் பாக்டீரியா பெருகியிருக்கலாம். இருந்த அளவிலேயே இருந்திருக்கலாம். ஏன், பாதியாகக் குறைந்தும் இருக்கலாம்! இது எவ்வாறு என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

எண் பிறக்கும் விதம்

மண்ணில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றை ஆய்வுக்கூடத் தட்டில் வளர்க்க இயலாது. ஆகவே உயிரைத் தேடாமல், அது மண்ணில் வைத்திருக்கும் டி.என்.ஏ.யைத் தேடுகிறார்கள். சுமார் கால் கிராம் மண்ணை எடுத்து, நுண்ணிய மணிகளோடு சேர்த்துக் குலுக்கிச் செல்களை உடைத்து, டி.என்.ஏ.யைப் பிரித்தெடுக்கிறார்கள். எல்லாப் பாக்டீரியாவிடமும் 16எஸ் எனப்படும் ஒரு ஜீன் உண்டு. அதன் சில பகுதிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். வேறு சில பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறாத பகுதியைப் பிடித்துக்கொண்டு, மாறும் பகுதியைப் பி.சி.ஆர். முறையில் பல்லாயிரம் மடங்கு பெருக்குகிறார்கள். பிறகு வரிசையறியும் கருவி ஒவ்வொரு துண்டிலும் உள்ள ஏ, டி, ஜி, சி என்னும் எழுத்துகளின் வரிசையைப் படிக்கிறது. இப்படிப் படிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் ‘ஒரு வாசிப்பு’ என்போம். வாசிப்பின் எழுத்து வரிசையைப் பார்த்தால், அது எந்தக் கூட்டத்தைச் சேர்ந்த பாக்டீரியாவினுடையது என்று சொல்லிவிடலாம்.

இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து கவனியுங்கள். ஒரு மண் மாதிரியிலிருந்து 20,000 வாசிப்புகள் கிடைத்தன என்றால், அந்த 20,000 என்னும் எண்ணை நிர்ணயித்தது மண் அன்று. கருவியின் கொள்ளளவும், அதில் ஒரே நேரத்தில் எத்தனை மாதிரிகளை ஏற்றினோம் என்பதும்தான் அதை நிர்ணயிக்கின்றன. பாக்டீரியா நிறைந்த மண்ணும் 20,000 தரும். பாக்டீரியா குறைந்த மண்ணும் 20,000 தரும். ஆகவே மொத்த எண்ணுக்குப் பொருள் இல்லை. அந்த 20,000-இல் ஒவ்வொரு கூட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதற்குத்தான் பொருள் உண்டு. அதனால்தான் முடிவுகள் விழுக்காட்டில் தரப்படுகின்றன.

ஒரே விழுக்காடு, நான்கு கதைகள்

ஒரு வகுப்பில் 30 மாணவர்களும் 10 மாணவிகளும் இருக்கிறார்கள். மாணவிகளின் பங்கு 25 விழுக்காடு. ஒரு நாள் 20 மாணவர்கள் விளையாட்டுப் போட்டிக்குச் சென்றுவிட்டார்கள். இப்போது வகுப்பில் 20 பேர். அவர்களில் மாணவிகள் 10 பேர். அவர்களுடைய பங்கு 50 விழுக்காடாகிவிட்டது! ஆனால் புதிதாக ஒரு மாணவிகூட வகுப்புக்குள் நுழையவில்லை. வெளியே நின்று விழுக்காட்டை மட்டும் கேட்பவருக்கு இது தெரியாது.

மண்ணிலும் இதே கணக்குத்தான். கணக்குக்காக நாமே சில எண்களை எடுத்துக்கொள்வோம். உரமிடாத பாத்தியில் ஒரு கிராம் மண்ணில் 16எஸ் ஜீன் மொத்தம் 100 கோடிப் பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் அசிடோபாக்டீரியாவின் பங்கு 20 விழுக்காடு, அதாவது 20 கோடி என்க. உரமிட்ட பாத்தியில் அதன் பங்கு 40 விழுக்காடு. அங்கே மொத்தம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம்.

மொத்தம் 200 கோடி என்றால், அசிடோபாக்டீரியா 80 கோடி: நான்கு மடங்காகியிருக்கிறது.
மொத்தம் 100 கோடி என்றால், 40 கோடி: இரண்டு மடங்காகியிருக்கிறது.
மொத்தம் 50 கோடி என்றால், 20 கோடி: மாறவே இல்லை.
மொத்தம் 25 கோடி என்றால், 10 கோடி: பாதியாகிவிட்டது.

நான்கிலும் கட்டுரையில் அச்சாகும் வாக்கியம் ஒன்றே: “20-இலிருந்து 40 விழுக்காடு.” மூன்றாவது கதையில் உண்மையில் நடந்தது அசிடோபாக்டீரியாவின் வளர்ச்சி அன்று, மற்றவற்றின் வீழ்ச்சி. 80 கோடியாக இருந்த மற்றவை 30 கோடியாகச் சரிந்துவிட்டன. முதல் கதைக்கும் நான்காம் கதைக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருக்கிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழி, மொத்தத்தைத் தனியே அளப்பது. அளவறி பி.சி.ஆர். என்னும் முறையில், ஜீன் பெருகும்போது ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, எத்தனையாவது சுற்றில் ஒளி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டுகிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிரதிகள் ஏறக்குறைய இரு மடங்காகின்றன. ஆகவே ஒரு மாதிரி மற்றொன்றைவிட 3 சுற்று முன்னதாகத் தாண்டினால், அதில் தொடக்கத்திலேயே சுமார் 8 மடங்கு பிரதிகள் இருந்தன என்று பொருள். இந்த மொத்தத்தை விழுக்காட்டால் பெருக்கினால், ஒரு கிராம் மண்ணுக்கு இத்தனை பிரதிகள் என்னும் எண் கிடைக்கும்.

மொத்தம் அளக்கப்படவில்லையா? அப்போதும் ஒன்றைத் துணிந்து சொல்லலாம்: இரு கூட்டங்களுக்கு இடையே உள்ள விகிதம். உரமிடாத பாத்தியில் அசிடோபாக்டீரியா 20, புரோட்டியோபாக்டீரியா 40 விழுக்காடு. உரமிட்டதில் 40, 30 விழுக்காடு என்க. முதலில் விகிதம் அரை. பிறகு ஒன்றேகாலுக்குச் சற்று மேல். மொத்தம் எதுவாயிருந்தாலும் இந்த விகிதம் மாறாது. மேலும் கீழும் அது அடிபட்டுப்போகிறது. ஆனால் விகிதம் மாறியதற்குக் காரணம் முதல் கூட்டம் ஏறியதா, இரண்டாம் கூட்டம் இறங்கியதா என்பதை விகிதம் சொல்லாது.

ஜீனும் செல்லும் ஒன்றல்ல

‘பிரதிகள்’ என்று சொல்லி வந்தேனே தவிர, ‘செல்கள்’ என்று சொல்லவில்லை. காரணம் உண்டு. ஒரு செல்லில் 16எஸ் ஜீன் ஒன்றுதான் இருக்கவேண்டும் என்பதில்லை. எஷ்சரிச்சியா கோலையின் ஒரு செல்லில் 7 பிரதிகள் உள்ளன. பேசில்லஸ் சப்டிலிஸின் செல்லில் 10. மெதுவாக வளரும் மண் பாக்டீரியாக்கள் பலவற்றில் ஒன்று அல்லது இரண்டே இருக்கும். ஆகவே, “இந்த மண்ணில் பேசில்லஸ், அசிடோபாக்டீரியாவைவிட ஐந்து மடங்கு அதிகம்” என்று வாசிப்புகளை வைத்து மட்டும் சொல்வது தவறாகிவிடும்.

ஆனால் உரமிட்ட பாத்தியிலும் உரமிடாத பாத்தியிலும் ஒரே கூட்டத்தை ஒப்பிடும்போது இந்தத் தொல்லை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. ஒரே தராசில் ஒரு பிழை இருந்தாலும், அதே தராசில் நிறுத்த இரண்டு மூட்டைகளை ஒப்பிடலாம் அல்லவா? அதைப் போன்றதுதான் இது. ஆகவே ஒரே கூட்டத்தைப் பாத்திக்குப் பாத்தி ஒப்பிடுங்கள். ஒரே பாத்தியில் கூட்டத்துக்குக் கூட்டம் ஒப்பிடும்போது எச்சரிக்கையாயிருங்கள்.

இன்னொரு வரம்பும் உண்டு. செத்த செல்களின் டி.என்.ஏ. மண் துகள்களில் ஒட்டிக்கொண்டு பல நாள் அழியாமல் இருக்கக்கூடும். அதுவும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். ஜீன் இருப்பது, அந்த உயிர் இப்போது வேலை செய்கிறது என்பதற்குச் சான்று ஆகாது.

உரமா, அமிலமா?

எண்கள் சரியாகவே இருக்கட்டும். மாற்றத்துக்குக் காரணம் உரத்திலுள்ள நைட்ரஜன்தான் என்று சொல்லிவிடலாமா? இதற்கு விடை காண, இங்கிலாந்தில் உள்ள ரோதாம்ஸ்டெட் ஆய்வு நிலையத்துக்குச் செல்வோம். அங்கே ‘பார்க் கிராஸ்’ என்னும் புல்வெளியில் 1856ஆம் ஆண்டு லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் தொடங்கிய உரச் சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாத்திக்கும் ஆண்டுதோறும் ஒரே வகை உரம். புல்லை வெட்டி எடை பார்ப்பார்கள்.

அதில் 9ஆம் பாத்தியையும் 14ஆம் பாத்தியையும் பாருங்கள். இரண்டுக்கும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 96 கிலோ நைட்ரஜன் கிடைக்கும்படி உரமிட்டு வந்தார்கள். பாஸ்பரசும் பொட்டாசியமும்கூட இரண்டுக்கும் உண்டு. ஒரே வேறுபாடு, 9ஆம் பாத்திக்கு நைட்ரஜன் அம்மோனியம் சல்ஃபேட்டாகச் சென்றது. 14ஆம் பாத்திக்குச் சோடியம் நைட்ரேட்டாகச் சென்றது. சுண்ணாம்பு இடாத பகுதிகளில் இன்று என்ன நிலை? 14ஆம் பாத்தியின் மண்ணில் பி.எச். 6-ஐ ஒட்டி இருக்கிறது. 9ஆம் பாத்தியிலோ 4-க்கும் கீழே இறங்கிவிட்டது. பி.எச். அளவில் 2 படி இறக்கம் என்றால் ஹைட்ரஜன் அயனிகள் 100 மடங்கு என்பதை வேதியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

அம்மோனியம் ஏன் மண்ணை அமிலமாக்குகிறது? மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் அதை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரேட்டாக மாற்றுகின்றன. முழு மாற்றத்தையும் சுருக்கி எழுதினால்:

NH₄⁺ + 2O₂ → NO₃⁻ + H₂O + 2H⁺

ஒவ்வொரு அம்மோனியம் அயனிக்கும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகள் வெளிவருகின்றன. சோடியம் நைட்ரேட்டில் நைட்ரஜன் முன்பே நைட்ரேட்டாக இருப்பதால் இந்தப் படி அங்கே இல்லை.

இப்போது நமது வாக்கியத்துக்குத் திரும்புவோம். அம்மோனியம் சல்ஃபேட் இட்ட மண்ணில் நைட்ரஜனும் கூடியது; அமிலத் தன்மையும் கூடியது. அசிடோபாக்டீரியாவில் பல உட்பிரிவுகள் அமில மண்ணில் செழிப்பவை. அந்தக் கூட்டத்தின் பெயரே அமிலத்தைக் குறிப்பதுதான். அப்படியானால் பங்கு உயர்ந்தது நைட்ரஜனாலா, அமிலத்தாலா? உரமிட்டது, உரமிடாதது என்னும் இரண்டு பாத்திகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒருநாளும் சொல்ல முடியாது. இரண்டு காரணங்களும் கைகோத்துக்கொண்டு வந்திருக்கின்றன.

அவற்றைப் பிரிப்பதற்குத்தான் 14ஆம் பாத்தி வேண்டும். அங்கே நைட்ரஜன் உண்டு, அமிலம் இல்லை. அங்கும் அசிடோபாக்டீரியாவின் பங்கு அதே அளவு உயர்ந்திருந்தால் நைட்ரஜனைச் சந்தேகிக்கலாம், உயராவிட்டால் அமிலத்தை. அம்மோனியத்துக்கும் நைட்ரேட்டுக்கும் வேறு வேறுபாடுகளும் உண்டே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! அதற்கும் அங்கே வழி இருக்கிறது. 1965ஆம் ஆண்டு முதல் பெரும்பாலான பாத்திகளை நான்காகப் பிரித்து, மூன்றுக்குப் பி.எச். 7, 6, 5 என வரும்படி சுண்ணாம்பு இடத் திட்டமிட்டார்கள். நான்காவதற்குச் சுண்ணாம்பு இல்லை. ஆகவே 9ஆம் பாத்திக்குள்ளேயே ஒரே உரத்தை நான்கு அமில நிலைகளில் ஒப்பிடலாம். இந்தப் புல்வெளி மண்ணின் 16எஸ் வரிசைகளை ஆராய்ந்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பாக்டீரியாக் கூட்டத்தின் அமைப்பை முதன்மையாக நிர்ணயிப்பது மண்ணின் பி.எச். என்று கண்டது.

இது வெறும் சொல் விளையாட்டன்று. காரணம் நைட்ரஜன் என்றால் உழவர் உரத்தைக் குறைக்கவேண்டும். அதனால் விளைச்சலும் குறையலாம். காரணம் அமிலம் என்றால் சுண்ணாம்பு இட்டோ, உரத்தின் வகையை மாற்றியோ சரிசெய்யலாம். இரண்டு அறிவுரைகளும் வெவ்வேறு.

20,000 வாசிப்பு, ஒரே பாத்தி

கடைசியாக, பிழையளவைப் பார்ப்போம். இயற்பியலில் கதிரியக்கத் துகள்களை எண்ணும்போது, N துகள்கள் எண்ணினால் தற்செயலான ஏற்ற இறக்கம் ஏறக்குறைய N-இன் வர்க்கமூலம் என்று கொள்வோம். இங்கும் அதையே செய்து பார்க்கலாம். 20,000 வாசிப்புகளில் 4,000 அசிடோபாக்டீரியா என்றால், 4,000-இன் வர்க்கமூலம் சுமார் 63. அது 20,000-இல் 0.3 விழுக்காடு. ஆகவே பங்கு 20-க்கு 0.3 கூட அல்லது குறைய. மிகத் துல்லியம் என்று மகிழ்ந்துவிடத் தோன்றும்.

ஆனால் இந்த 0.3 எதைச் சொல்கிறது? கையிலுள்ள அந்தக் குழாயில் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் சொல்கிறது. உரமே இடாத மூன்று பாத்திகளை எடுத்து அளந்தால் 14, 20, 26 என்று வரக்கூடும். இவையும் நாம் எடுத்துக்கொண்ட எண்கள்தான். ஆனால் மண் இடத்துக்கு இடம் வேறுபடுவது உண்மை. இங்கே ஏற்ற இறக்கம் 6 விழுக்காடு. எண்ணிக்கைப் பிழையைப் போல 20 மடங்கு! உரத்தின் விளைவை இந்த 6-உடன்தான் ஒப்பிடவேண்டும், 0.3-உடன் அன்று. உரமிட்ட மூன்று பாத்திகளில் 34, 40, 46 என்று வந்தால், இரு குழுக்களும் ஒன்றையொன்று தொடவில்லை, வேறுபாட்டை நம்பலாம். 16, 26, 36 என்று வந்தாலோ, சராசரி உயர்ந்திருந்தும் உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. வாசிப்புகளை 20,000-இலிருந்து 2 இலட்சமாக உயர்த்தினாலும் பயனில்லை. ஒரே பாத்தியில் பத்து இடங்களில் மண் எடுத்தாலும் அது ஒரு பாத்திதான். பத்துப் பாத்திகள் ஆகிவிடாது.

பார்க் கிராஸ் சோதனைக்கும் இந்தக் குறை உண்டு. 1856இல் ஒரு வகை உரத்துக்குப் பெரும்பாலும் ஒரே பாத்தியைத்தான் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு உரத்துக்கும் பல பாத்திகள் வேண்டும், எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யவேண்டும் என்னும் கருத்தை வளர்த்தவர் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர். அவர் அதே ரோதாம்ஸ்டெட்டில் 1919இல்தான் பணியில் சேர்ந்தார். ஆகவே பார்க் கிராஸில் 9ஆம் பாத்தியை 14ஆம் பாத்தியோடு மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பல பாத்திகளிலும் உட்பாத்திகளிலும் பி.எச். இறங்க இறங்க ஒரே போக்கு தென்படுகிறதா என்று பார்ப்பதே அங்கே தகுந்த வழி.

வாக்கியத்தைத் திருத்துவோம்

இத்தனையும் அறிந்த ஒருவர் நமது வாக்கியத்தை எப்படி எழுதுவார்? மூன்றாவது கதையே உண்மை என்று வைத்துக்கொண்டால், இவ்வாறு எழுதலாம்:

“உரமிடாத மூன்று பாத்திகளில் அசிடோபாக்டீரியா 16எஸ் வாசிப்புகளில் சராசரி 20 விழுக்காடாகவும் (14 முதல் 26), அம்மோனியம் சல்ஃபேட் இட்ட மூன்று பாத்திகளில் 40 விழுக்காடாகவும் (34 முதல் 46) இருந்தது. மொத்த 16எஸ் பிரதிகள் கிராமுக்கு 100 கோடியிலிருந்து 50 கோடியாகக் குறைந்தன. எனவே அசிடோபாக்டீரியாப் பிரதிகளின் சராசரி மதிப்பீடு கிராமுக்குச் சுமார் 20 கோடியாக மாறாமல் இருந்தது. மண்ணின் பி.எச். 6-இலிருந்து 4-ஆக இறங்கியது.”

இதில் “பெருகியது” என்னும் சொல்லே இல்லை. எதை அளந்தார்களோ அது மட்டும் இருக்கிறது. நைட்ரஜனா, அமிலமா என்னும் விவாதம் அடுத்த பகுதிக்கு உரியது. ஆனால் அந்த விவாதத்துக்கு வேண்டிய பி.எச். அளவு இங்கேயே தரப்பட்டிருக்கிறது. நீங்கள் இத்தகைய கட்டுரையைப் படிக்கும்போது முதலில் தேடவேண்டியவை மூன்று: மொத்தம் அளக்கப்பட்டதா, பாத்திகள் எத்தனை, உரத்தோடு வேறு எது மாறியது?

ஒரு பயிற்சி

உரமிடாத மண்ணில் கிராமுக்கு மொத்தம் 80 கோடிப் பிரதிகள். ஒரு பாக்டீரியாக் கூட்டத்தின் பங்கு 10 விழுக்காடு. தொழு உரமிட்ட மண்ணில் மொத்தம் 160 கோடி; அதே கூட்டத்தின் பங்கு 8 விழுக்காடு. “தொழு உரம் இந்தக் கூட்டத்தைக் குறைத்துவிட்டது” என்று ஒருவர் எழுதுகிறார். சரியா?

விடை: சரியன்று. முதலில் 8 கோடி, பிறகு 12.8 கோடி. பங்கு குறைந்தது, ஆனால் அளவு 1.6 மடங்காகியது. மற்றவை அதைவிட வேகமாகப் பெருகியதால் பங்கு மட்டும் இறங்கிற்று. ஒவ்வொரு வகைக்கும் எத்தனை பாத்திகள் என்று கணக்கில் சொல்லப்படவில்லை என்பதையும் கவனித்தீர்களா? அது தெரியும்வரை இந்த 1.6 மடங்கையும் உரத்தின் விளைவு என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.